முட்டை அட்டை, துணி, ஃபோம்: ஒலித்தடுப்பு ஒப்பீட்டில் உண்மையில் எதை அளக்கிறோம்?

இயற்பியல் வகுப்பில் ஒலித்தடுப்புச் செயல்திட்டம் என்றால் வழி ஏறக்குறைய ஒன்றுதான். ஓர் அட்டைப்பெட்டிக்குள் ஒலிக்கும் கைபேசியை வைப்பார்கள். பெட்டியின் உட்புறத்தில் முட்டை அட்டை, துணி, ஃபோம், தெர்மாகோல் என்று ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். வெளியே இன்னொரு கைபேசியில் டெசிபல் காட்டும் செயலியைத் திறந்து எண்ணைக் குறிப்பார்கள். கடைசியில் ஒரு பட்டை வரைபடம், "ஃபோமே சிறந்தது" என்று ஒரு முடிவு.

அந்த வரைபடத்தில் பட்டைகள் எல்லாம் அநேகமாக ஒரே உயரத்தில் நிற்கும். கனமும் அமைப்பும் முற்றிலும் வேறான நான்கு பொருள்கள் ஒரே அளவு ஒலியைத் தடுப்பதாகத் தோன்றினால், சந்தேகப்பட வேண்டியது பெட்டியைத்தான். இந்த ஆய்வு அப்படிப்பட்ட ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, அது ஏன் எதையும் பிரித்துக் காட்டவில்லை என்பதையும், எப்படி மாற்றி அமைத்தால் காட்டும் என்பதையும் பார்க்கிறது. இதில் வரும் அளவீடுகள் முறையை விளக்குவதற்கான மாதிரி எண்கள். வேறு பெட்டியில், வேறு அறையில் எண்கள் மாறும். அவை ஒன்றோடொன்று நிற்கும் விதம் பெரிதாக மாறாது.

முதல் பெட்டி

40 × 30 × 30 செ.மீ. அட்டைப்பெட்டி. உள்ளே 1000 ஹெர்ட்ஸ் தனிச்சுரம் ஒலிக்கும் கைபேசி. பெட்டியிலிருந்து 30 செ.மீ. தள்ளி, அதே மேசையின் மேல், அளக்கும் கைபேசி. மூடி திறந்திருக்கும்போது 71 டெசிபல். மூடிய வெறும் பெட்டிக்கு 64, தெர்மாகோல் ஒட்டினால் 63, முட்டை அட்டைக்கு 61, ஃபோமுக்கு 60, துணிக்கு 59. ஒலியை நிறுத்திவிட்டு அறையின் இரைச்சலை மட்டும் அளந்தால் 54.

பொருள் ஒட்டிய நான்கு பெட்டிகளுக்குள் மொத்த வேறுபாடே 4 டெசிபல்தான். இப்போது எந்தப் பொருளையும் மாற்றாமல், அளக்கும் கைபேசியை மட்டும் 5 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தால் எண் 6 டெசிபல் வரை ஆடுகிறது. பொருளை மாற்றுவதைவிட கைபேசியை நகர்த்துவது அதிக மாற்றம் தருகிறது என்றால், முதலில் எழுதிய ஐந்து எண்களுக்கும் பொருளே இல்லை.

இந்த ஆட்டத்துக்குக் காரணம் தனிச்சுரம். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறக்குறைய 34 செ.மீ. நேராக வரும் அலையும் சுவரிலும் மேசையிலும் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து நிலையலை ஆகின்றன. அதில் ஒலி உச்சமாக இருக்கும் இடத்துக்கும் மிகக் குறைவாக இருக்கும் இடத்துக்கும் இடைவெளி கால் அலைநீளம், அதாவது எட்டரை செ.மீ. தான். பெட்டிக்குள்ளும் இதே கதை: பொருளை ஒட்டியதும் உள் அளவு சுருங்குகிறது, நிலையலையின் உச்சிகள் இடம் மாறுகின்றன. பொருள் தடுத்ததால் எண் குறைந்ததா, உச்சி நகர்ந்ததால் குறைந்ததா என்று பிரிக்க வழியே இல்லை.

இதற்கு மருந்து எளிது. தனிச்சுரத்தை விட்டுவிட்டு, ஒரு பட்டை அகலத்துக்குப் பரவிய இரைச்சலைப் பயன்படுத்த வேண்டும். ஏராளமான அதிர்வெண்கள் கலந்திருப்பதால் ஒன்றின் உச்சியும் இன்னொன்றின் பள்ளமும் சமன் ஆகிவிடும். 500 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு பட்டை, 2000 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு பட்டை, இரண்டு போதும். `sox` என்ற ஒலி நிரல் நிறுவிய கணினியில் இந்த இரு வரிகள் அவற்றை உருவாக்கிவிடும்:

```
sox -n -r 44100 -c 1 n500.wav synth 60 pinknoise sinc 354-707 gain -n -6
sox -n -r 44100 -c 1 n2000.wav synth 60 pinknoise sinc 1414-2828 gain -n -6
```

250 ஹெர்ட்ஸுக்குக் கீழே போக ஆசைப்பட வேண்டாம். சிறிய ஸ்பீக்கர் அங்கே சரியாக ஒலிக்காது. செயலி `dBA` என்று காட்டினால், அந்தக் கணக்கே 250 ஹெர்ட்ஸில் 8.6 டெசிபலைக் கழித்துவிடும். தாழ்ந்த ஒலியைத் தடுப்பதுதான் கடினம். அதை அளப்பது இந்தக் கருவிகளுக்கு அதைவிடக் கடினம்.

செயலியை நம்பலாமா?

கைபேசிச் செயலி காட்டும் 64 உண்மையில் 64 தானா என்பது இந்தச் செயல்திட்டத்துக்குத் தேவையில்லாத கேள்வி. நமக்கு வேண்டியது வேறுபாடு மட்டும். செயலி எப்போதும் 5 டெசிபல் கூட்டிக் காட்டினாலும் கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கைபேசிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. சத்தம் கூடினால் மைக்கின் உணர்திறனைத் தானே குறைக்கும், தொடர் இரைச்சலை வடிகட்டவும் பார்க்கும். அப்படி நடந்தால் 20 டெசிபல் வேறுபாடு 12 ஆகத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். மேலே உருவாக்கிய கோப்பை `gain -10`, `gain -20` என்று இரண்டு படி குறைத்து இன்னும் இரு கோப்புகள் செய்துகொள்ளுங்கள். ஸ்பீக்கரின் ஒலியளவுக் குமிழைத் தொடாமல் மூன்றையும் வரிசையாக ஒலிக்க விட்டால், செயலி ஒவ்வொரு படியிலும் 10 டெசிபல் இறங்க வேண்டும். 9.5, 10.5 என்று வந்தால் நல்லது. 6, 7 என்று வந்தால் வேறு செயலி பாருங்கள், அல்லது ஸ்பீக்கரின் ஒலியளவைப் பாதிக்குக் குறையுங்கள். சிறிய ஸ்பீக்கர்கள் முழு ஒலியளவில் தாமாகவே ஒலியை அமுக்கும். இறங்கும் எண் ஒரு கட்டத்துக்கு மேல் அசையாமல் நின்றுவிட்டால் அது அறையின் இரைச்சலைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

செயலியில் துள்ளும் எண்ணைக் கண்ணால் பார்த்து எழுதுவதும் கூடாது. பெரும்பாலான செயலிகளில் `Leq` அல்லது சராசரி என்று ஒன்று இருக்கும். 30 விநாடிச் சராசரியை எடுங்கள்.

இரண்டாம் பெட்டி

முதல் பெட்டியின் பெரிய குறை, ஒலி சோதனைப் பொருள் வழியாக மட்டும் வெளியே வரவில்லை என்பது. மூடியின் விளிம்பு, பெட்டியின் மூலைப் பிளவுகள், மெல்லிய அட்டைச் சுவர், மேசைப் பலகை என்று நான்கைந்து வழிகள் இருந்தன. சோதிக்கும் பொருளைவிடப் பெட்டி பலவீனமாக இருந்தால், நாம் அளப்பது பெட்டியை.

ஆகவே இரண்டாம் பெட்டி 12 மி.மீ. பிளைவுட்டில். உள்ளளவு 40 × 40 × 40 செ.மீ., மேல்பக்கம் மட்டும் திறப்பு. மூலைகளில் பசை பூசித் திருகி, உள்ளிருந்து மீண்டும் ஒரு கோடு பசை இழுத்துப் பிளவுகளை அடைக்க வேண்டும். உட்சுவர் முழுவதும் 5 செ.மீ. ஃபோம் நிரந்தரமாக ஒட்டப்படுகிறது; இது சோதனைப் பொருள் அல்ல, பெட்டியின் பகுதி. ஏன் என்பது பின்னால் வரும். ஸ்பீக்கர் அடியில், ஒரு ஃபோம் துண்டின் மேல். பெட்டிக்கும் மேசைக்கும் நடுவில் நான்காக மடித்த துண்டு. அளக்கும் கைபேசி திறப்புக்கு நேர் மேலே 30 செ.மீ. உயரத்தில், வேறொரு தாங்கியிலிருந்து தொங்குகிறது. மேசை வழியாக அதிர்வு வருகிறதா என்று அறிய, தாங்கியைக் கையால் சற்றே தூக்கிப் பாருங்கள். எண் குறைந்தால் வருகிறது.

திறப்பின் மேல் உட்காரும் மூடி ஒரு சட்டம்: 42 × 42 செ.மீ. பிளைவுட், நடுவில் 26 × 26 செ.மீ. சன்னல். சோதனைப் பொருளை அந்தச் சன்னலில் பொருத்த வேண்டும். முட்டை அட்டையில் இங்கேதான் சிக்கல். அதன் விளிம்பு தட்டையாக இல்லை, மேலும் கீழுமாக வளைந்து நெளிந்திருக்கும். அப்படியே வைத்தால் ஒவ்வொரு வளைவுக்குக் கீழும் ஒரு குன்றிமணி அளவுக்கு ஓட்டை. விளையாட்டுக் களிமண்ணைக் கயிறுபோல் உருட்டி, விளிம்பைச் சுற்றி அழுத்தி, ஒவ்வொரு வளைவையும் விரலால் தடவி அடைக்க வேண்டும். சட்டமும் பெட்டியும் சேரும் இடத்திலும் ஒரு சுற்றுக் களிமண். இந்த ஒரு வேலைக்கு முழு அமைப்பையும் செய்ய ஆகும் நேரத்தில் பாதி போகும்; போகட்டும். பயன்படுத்திய முட்டை அட்டைகளில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் புதிய அட்டையே நல்லது.

அடுத்தது இந்த ஆய்வின் உயிரான அளவீடு. பெரும்பாலான அறிக்கைகளில் இது இருப்பதே இல்லை. எந்தச் சோதனைப் பொருளையும் வைக்காமல், சன்னலை இரண்டு அடுக்கு 12 மி.மீ. பிளைவுட்டால், நடுவில் ஒரு துணித்துண்டு வைத்து, களிமண்ணால் இறுக்கமாக அடைத்து ஸ்பீக்கரை ஒலிக்க விடுங்கள். இனி வெளியே கேட்பது சன்னல் வழியாக வருவது அல்ல. பெட்டிச் சுவர், மேசை, அறை இரைச்சல் ஆகியவற்றின் கூட்டு. திறந்த சன்னலின் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் வருவதைக் கூரை என்று அழைக்கலாம். இந்தப் பெட்டியால் இதற்கு மேல் எந்தத் தடுப்பையும் காட்ட முடியாது.

மாதிரிப் பெட்டியில் 2000 ஹெர்ட்ஸ் பட்டைக்குத் திறந்த சன்னல் 84 டெசிபல், அடைத்த சன்னல் 53. கூரை 31 டெசிபல். 500 ஹெர்ட்ஸில் 80, 50, கூரை 30. முதல் அட்டைப்பெட்டிக்குள் என்ன ஒட்டினாலும் எண் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இறங்காமல் நின்றதன் விளக்கம் இதுதான்: அதன் கூரையே அவ்வளவுதான்.

ஒரு பொருளுக்கான எண், அடைத்த சன்னலில் கிடைத்த எண்ணைவிட 10 டெசிபலாவது அதிகமாக இருந்தால் அதை அப்படியே ஏற்கலாம். குறைவாக இருந்தால் ஆற்றல்களைக் கழிக்க வேண்டும்:

```
L = 10·log10( 10^(L1/10) − 10^(L0/10) )
```

`L1` பொருளை வைத்து அளந்தது, `L0` சன்னலை அடைத்து அளந்தது. வேறுபாடு 3 டெசிபலுக்கும் கீழே போனால் திருத்தமே பிழையைப் பெருக்கிவிடும். அந்த எண்ணை எழுதாமல் "பெட்டியின் எல்லைக்கு அப்பால்" என்று குறிப்பதுதான் நேர்மை.

அளவீடும் எண்களும்

ஒவ்வொரு பொருளையும் முதலில் தராசில் வைத்து, நிறையைப் பரப்பால் வகுத்து, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று எழுதிக்கொள்ள வேண்டும். 29 × 29 செ.மீ. முட்டை அட்டை 70 கிராம் இருந்தால் சதுர மீட்டருக்கு 0.83 கிலோ. பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து முறை அளக்க வேண்டும். ஐந்து முறை என்றால் செயலியை ஐந்து தடவை அழுத்துவது அல்ல. பொருளைக் கழற்றி, களிமண்ணை எடுத்து, மீண்டும் பொருத்தி அளப்பதுதான் ஒரு முறை. பொருத்தாமல் திரும்ப அளந்தால் 0.3 டெசிபலுக்குள் வந்து பெருமையாக இருக்கும். மீண்டும் பொருத்தினால் ஒன்று, ஒன்றரை டெசிபல் ஆடும். உண்மையான பிழை இரண்டாவது. ஒவ்வொரு பொருளுக்கு முன்னும் பின்னும் திறந்த சன்னலையும் அளந்தால், ஸ்பீக்கரின் மின்கலம் தளர்வது தெரிந்துவிடும்.

| பொருள் | கிலோ/ச.மீ. | 500 ஹெர்ட்ஸில் குறைவு (டெசிபல்) | 2000 ஹெர்ட்ஸில் குறைவு (டெசிபல்) |
|---|---|---|---|
| துண்டு, 1 அடுக்கு | 0.45 | 1 | 2 |
| துண்டு, 2 அடுக்கு | 0.9 | 2 | 4 |
| துண்டு, 4 அடுக்கு | 1.8 | 5 | 7 |
| துண்டு, 8 அடுக்கு | 3.6 | 8 | 12 |
| ஃபோம், 5 செ.மீ. | 1.2 | 3 | 7 |
| முட்டை அட்டை, 1 | 0.83 | 4 | 8 |
| முட்டை அட்டை, 2 (ஒன்றுக்குள் ஒன்று) | 1.66 | 5 | 10 |
| தெர்மாகோல், 2.5 செ.மீ. | 0.4 | 4 | 9 |
| பழைய நாளிதழ், 1 செ.மீ. அடுக்கு | 6 | 18 | 28 |

கடைசி வரியில் உள்ள 28 திருத்திய எண். நாளிதழ் அடுக்கை வைத்தபோது செயலி காட்டியது 58, அடைத்த சன்னலில் 53. வேறுபாடு 5 தான் என்பதால் சூத்திரத்தில் போட்டால் 58 என்பது 56.3 ஆகிறது. 84 இலிருந்து கழித்தால் 27.7. திருத்தாமல் விட்டிருந்தால் 26.

நாளிதழ் யாரும் சோதிக்க நினைக்காத பொருள். பட்டியலில் அது எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. காரணம் நிறை. மெல்லிய, காற்றுப் புகாத ஒரு தடுப்பை ஒலி அசைத்துத்தான் அந்தப்பக்கம் போக முடியும். கனமாக இருந்தால் அசைவு குறையும். இதை நிறை விதி என்பார்கள்:

```
R = 20·log10(m·f) − 42
```

`m` சதுர மீட்டருக்குக் கிலோ, `f` ஹெர்ட்ஸ். நேராக வந்து மோதும் ஒலிக்கு இது பொருந்தும். நிறை இரட்டித்தால் 6 டெசிபல் கூடும், அதிர்வெண் இரட்டித்தாலும் அப்படியே. நாளிதழுக்கு 500 ஹெர்ட்ஸில் இது 27.5 தருகிறது, கிடைத்தது 18. சூத்திரத்தை எட்டிப் பிடிக்க முடியாத உச்சவரம்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒலி பல கோணங்களில் வருகிறது. அது எண்ணைக் கீழே இழுக்கும்.

நிறை மட்டும் போதுமா என்றால், போதாது. துண்டு எட்டு அடுக்கின் நிறை ஃபோமைப் போல மூன்று மடங்கு. நிறை விதிப்படி 500 ஹெர்ட்ஸில் 23 டெசிபல் வரை போகலாம். வந்தது 8. துணியிலும் ஃபோமிலும் காற்று ஊடுருவுகிறது. காற்று போகும் வழியில் ஒலியும் போகிறது, பொருளை அசைக்க வேண்டிய அவசியமே இல்லாமல். ஒரு துண்டை வாயருகே பிடித்து ஊதினால் மறுபக்கம் கையில் காற்றுப் படும். ஃபோமிலும் படும், கொஞ்சம் சிரமத்தோடு. தெர்மாகோலில் படாது. தெர்மாகோல் ஃபோமில் மூன்றில் ஒரு பங்கு நிறையோடு அதற்கு ஈடாக நிற்பதன் விளக்கம் இந்த ஊதலில் இருக்கிறது. முட்டை அட்டை இரண்டுக்கும் நடுவில்: காகிதக்கூழ் கொஞ்சம் காற்றுவிடும், நிறையும் இல்லை.

வரைபடத்துக்கு மிக நல்லது துணியின் நான்கு வரிகள்தான். அடுக்குகளை 1, 2, 4, 8 என்று இரட்டித்ததால் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு கூடுகிறது என்று நேராகப் பார்க்கலாம். 500 ஹெர்ட்ஸில் கூடுதல் 1, 3, 3. 2000 இல் 2, 3, 5. ஒருமுறைகூட 6 ஐத் தொடவில்லை. அடுக்கு கூடக்கூடக் காற்றுக்குத் தடை அதிகமாவதால் படி பெரிதாகிறது, ஆனால் நிறை விதிக்கு உட்பட்ட தடுப்பாக அது மாறவே இல்லை. "அதிகத் துணி, அதிகத் தடுப்பு" என்று எழுதுவதைவிட இந்த ஒரு வாக்கியம் ஆசிரியரிடம் அதிக மதிப்பெண் பெறும்.

ஃபோம் ஏன் எல்லோருக்கும் நல்லதாகத் தெரிகிறது?

பட்டியலில் ஃபோம் 500 ஹெர்ட்ஸில் ஒற்றை முட்டை அட்டைக்கும் கீழே. ஒலிப்பதிவு அறைகளின் சுவரில் ஒட்டப்படுவதும் ஃபோம்தானே என்ற கேள்வி கட்டாயம் வரும். அந்த அறைகளில் ஃபோம் செய்யும் வேலை வேறு. வெளியிலிருந்து வரும் சத்தத்தை அது தடுப்பதில்லை. உள்ளே எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதைக் குறைக்கிறது. தடுத்தல் வேறு, உறிஞ்சல் வேறு. வாலஸ் சபீன் 1895 இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அரங்கின் எதிரொலியைக் குறைக்க இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தது இந்த உறிஞ்சலைத்தான். மெத்தைகள் அரங்கின் ஒலியைப் பக்கத்து அறைக்குப் போகாமல் தடுக்கின்றனவா என்பது அவருடைய கேள்வியே அல்ல.

ஃபோமின் நுண்துளைகளில் காற்று முன்னும் பின்னும் உரசி ஒலியாற்றல் வெப்பமாகிறது. அதற்குக் காற்று வேகமாக அசையும் இடத்தில் ஃபோம் இருக்க வேண்டும். கெட்டிச் சுவரை ஒட்டிக் காற்று அசையாது. சுவரிலிருந்து கால் அலைநீளத்தில்தான் அசைவு உச்சம். 5 செ.மீ. ஃபோமுக்கு அது 1700 ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. அதனால் அந்த அளவிலும் மேலும் ஃபோம் நன்றாக உறிஞ்சும், 200 ஹெர்ட்ஸில் சுவரில் இருப்பதே தெரியாது. முட்டை அட்டையின் மேடுபள்ளம் நான்கைந்து செ.மீ. உயரமே என்பதால், அது ஒலியைச் சிதறடிப்பதும் உயர்ந்த அதிர்வெண்களில் மட்டும்தான்.

இப்போது முதல் பெட்டியில் என்ன நடந்தது என்று புரியும். பொருள்கள் பெட்டியின் உட்சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. மூடிய பெட்டிக்குள் ஒலி மோதி மோதித் திரண்டு உள்ளளவு ஏறுகிறது. உறிஞ்சும் பொருள் ஒட்டினால் அந்தத் திரட்சி குறைகிறது, ஓட்டைகள் வழியாக வெளியேறுவதும் அதற்கேற்பக் குறைகிறது. அந்த எண்களில் ஏதாவது பொருள் இருந்தால், துணியும் ஃபோமும் முன்னே நின்றது உறிஞ்சலால். தெர்மாகோல் கடைசியில் நின்றதும் அது உறிஞ்சாததால். தடுத்தலை அளப்பதாக நினைத்துக்கொண்டு அங்கே உறிஞ்சலை அளந்தோம். இரண்டாம் பெட்டியின் உட்சுவருக்கு நிரந்தரமாக ஃபோம் ஒட்டியதற்கும் இதுவே காரணம்: சன்னலில் என்ன வைத்தாலும் உள்ளே திரட்சி பெரிதாக மாறக் கூடாது.

இதைத் தனிச் சோதனையாகவே செய்துவிடலாம். நிரந்தர ஃபோமை உரித்து, சன்னலை நாளிதழ் அடுக்கால் அடைத்து, உட்சுவரில் மட்டும் பொருள்களை மாற்றி அளங்கள். 2000 ஹெர்ட்ஸில் ஃபோம் தெளிவாக முன்னே நிற்கும், துணி அடுத்து, முட்டை அட்டை ஓரிரு டெசிபல், தெர்மாகோல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதே நான்கு பொருள்கள், வரிசை வேறு. அறிக்கையில் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நல்லது. தலைப்பிலும் "ஒலித்தடுப்பு", "ஒலி உறிஞ்சல்" என்று பிரித்தே எழுத வேண்டும்.

ஃபோம், முட்டை அட்டை, துணி மூன்றும் எளிதில் தீப்பற்றுபவை என்பதையும் அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். பெட்டிக்குள் விளக்கோ சூடாகும் கருவியோ வைக்க வேண்டாம்.

ஒரு மில்லிமீட்டர்

செய்துகாட்டும் நாளில் பார்வையாளர் முன் வைக்கத் தகுந்த ஒரு சோதனை மீதம் இருக்கிறது. நாளிதழ் மூடி களிமண்ணில் உட்கார்ந்து 2000 ஹெர்ட்ஸில் 28 டெசிபல் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கட்டும். களிமண்ணை எடுத்துவிட்டு, மூடியின் ஒரு பக்க விளிம்பின் இரு மூலைகளிலும் 1 மி.மீ. தடிமனுள்ள சிறு அட்டைத்துண்டைச் செருகுங்கள். பெட்டியின் உள் விளிம்பு 40 செ.மீ. என்பதால் முன்பக்க இடுக்கு 40 × 0.1, அதாவது 4 சதுர செ.மீ. இரு பக்கங்களிலும் குறுகிக்கொண்டே போகும் இடுக்கு ஒவ்வொன்றும் 2. மொத்தம் 8 சதுர செ.மீ. சன்னலின் பரப்பு 676. ஓட்டை ஏறக்குறைய 1.2 சதவீதம்.

ஓட்டை வழியாக ஒலி தடையின்றிப் போகிறது என்று வைத்தால் கணக்கு சுலபம். 27.7 டெசிபல் தடுப்பு என்றால் ஆற்றலில் 0.0017 பங்கு கடக்கிறது. அதோடு 0.012 சேர்ந்தால் 0.0137. மீண்டும் டெசிபலாக்கினால் 18.6. ஒரு மில்லிமீட்டர் இடுக்கு 9 டெசிபலைத் தின்றுவிட்டது. செயலியில் எண் ஏறுவது கண்ணுக்கே தெரியும், காதுக்கும் கேட்கும். சதுர மீட்டருக்கு ஆறு கிலோ நாளிதழை அறுபது கிலோ ஆக்கினாலும் அந்த இடுக்கு இருக்கும்வரை ஏறக்குறைய 19 இலேயே நிற்கும்.

அதே அட்டைத்துண்டை ஃபோம் மூடியின் கீழும் செருகிப் பாருங்கள். 7 டெசிபல் என்றால் கடப்பது 0.2 பங்கு, 0.012 சேர்த்தால் 0.212, அதாவது 6.7. எண் அசையவே அசையாது.